எடை மாறினால் வெற்றியும் மாறும்

மாணவர் தொழில்யோசனைப் போட்டி ஒன்றின் விதி ஸ்லைடில் நான்கு அளவுகோல்கள் இருப்பதாகக் கொள்வோம்: பிரச்சினை 30, தீர்வு 40, வருமான வழி 20, பேச்சு 10. நடுவர் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்.

முதல் அணி வாங்கியது 3, 3, 4, 5. இரண்டாம் அணிக்கு 4, 4, 3, 3. வெறுமனே கூட்டினால் 15-க்கு 14, முதல் அணி முந்துகிறது. எடையோடு கணக்கிட்டாலோ முதல் அணிக்கு 68, இரண்டாம் அணிக்கு 74. நன்றாகப் பேசியவர்களைவிட நல்ல தீர்வு தந்தவர்கள் மேலே வருகிறார்கள். விதி கேட்டதும் அதைத்தான்.

எக்செல் தாளின் முதல் வரிசையில் எடைகளையும் அடுத்த வரிசைகளில் அணிகளையும் இட்டால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=SUMPRODUCT(B2:E2,B$1:E$1)/5
```

நடுவர் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால் சூத்திரம் அதைச் சுழியமாகவே எடுத்துக்கொள்ளும். அணி காரணமின்றிச் சரியும். வெற்றுக் கட்டம் சிவப்பாகத் தெரியும்படி முன்பே அமைப்பது நல்லது.

எண்ணைவிடக் கடினம் அதன் பொருள். தீர்வுக்கு 3 என்றால் மாதிரி மட்டும் தயார், 5 என்றால் பயனாளர்களிடம் சோதித்தாயிற்று என்று தாளிலேயே எழுதாவிட்டால், ஒருவரின் 3 இன்னொருவருக்கு 4 ஆகிவிடும். நேரம் மீறினால் மதிப்பெண் குறைப்பு என்ற விதி பெரும்பாலும் வேறொரு ஸ்லைடில் இருக்கும். அதை அளவுகோல்களோடு கலக்காமல், மொத்தத்திலிருந்து கழிக்கும் தனிப் பத்தியாக வைக்க வேண்டும்.