மூன்று கொட்டேஷன், மூன்று வேறு டெஸ்க்

பள்ளிக்கூடத்துக்கு நாற்பது டெஸ்க்-பெஞ்ச் வாங்க வேண்டும். மூன்று பட்டறைகளுக்குப் போன் போட்டு, "ரெண்டு பிள்ளைங்க உட்கார்ற டெஸ்க், நாற்பது வேணும், கொட்டேஷன் அனுப்புங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். நாலு நாளில் மூன்று தாள்கள் வந்து சேருகின்றன. ஒன்றில் ஒரு டெஸ்க் 4,200 ரூபாய், இன்னொன்றில் 5,000, மூன்றாவதில் 4,600. நிர்வாகக் குழு கூடுகிறது. 4,200 ரூபாய்க்காரருக்கு ஆர்டர் போகிறது.

இதில் விலைகளை ஒப்பிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒப்பிட்டது மூன்று வேறு பொருட்களை. என்ன டெஸ்க் என்று கேட்டவர் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு பட்டறைக்காரரும் தனக்குத் தோன்றிய டெஸ்க்குக்கு விலை போட்டார்.

டெஸ்க்கின் விலையில் பெரும்பங்கு இரும்புக்குத்தான். ஒரு அங்குல ஸ்கொயர் பைப்பில் பிரேம் அடிப்பார்கள். அந்தப் பைப்பின் தகடு 16 கேஜாகவும் இருக்கலாம், 18 கேஜாகவும் இருக்கலாம். கேஜ் எண் கூடினால் தகடு மெலிகிறது. 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர். பெயின்ட் அடித்து முடித்தால் வெளியே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எடையில் தெரியும். 25 மில்லிமீட்டர் பைப் 1.6 தகட்டில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.18 கிலோ, 1.2 தகட்டில் 0.9 கிலோ. ஒரு டெஸ்க்குக்குப் பத்து மீட்டர் பைப் போகிறது என்றால், மெலிந்த பைப்பில் செய்த டெஸ்க்கில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு இல்லை. பிள்ளைகள் சாய்ந்து ஆட்டும்போது முதலில் விட்டுப்போவது வெல்டிங் மூட்டுதான். தகடு மெலிந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பலகையிலும் இதே கதைதான். 'பிளைவுட்' என்று மட்டும் எழுதினால் தண்ணீர் பட்டால் உப்பிவிடும் எம்.ஆர். ரகமும் பிளைவுட், ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகமும் பிளைவுட். கனம் 12 மில்லிமீட்டரா, 18-ஆ என்பது வேறு.

அதனால் போனில் கேட்காமல் ஒரு பக்கக் கடிதமாகக் கேட்க வேண்டும். அதில் பொருளின் விவரம் அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'நல்ல தரமான, உறுதியான' என்ற சொற்களை எந்தப் பட்டறைக்காரரும் மறுக்கப்போவதில்லை. அவற்றால் பயனும் இல்லை. இப்படி எழுதலாம்: இருவர் அமரும் டெஸ்க்-பெஞ்ச், ஒரே பிரேமில் இணைந்தது. நீளம் 42 அங்குலம், டெஸ்க் உயரம் 27 அங்குலம், இருக்கை உயரம் 16 அங்குலம். பைப் 25 x 25 மில்லிமீட்டர், தகடு 1.6 மில்லிமீட்டர். மேல்பலகை 18 மில்லிமீட்டர் பி.டபிள்யூ.ஆர். பிளைவுட், மேலே மைக்கா. பவுடர் கோட்டிங். கால்களுக்கு ரப்பர் புஷ்.

கேஜ் என்று எழுதாமல் மில்லிமீட்டரில் எழுதுவது நல்லது. பிறகு வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்கும்போது வாதம் வராது. 'ஒரு டெஸ்க்கின் இரும்பு எடை எத்தனை கிலோ?' என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். தகடு 1.6 என்று எழுதிவிட்டு எடையை மற்றவர்களைவிட மூன்று கிலோ குறைத்துச் சொல்பவரிடம் விளக்கம் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. 'சுமார் நாற்பது' என்றால் பட்டறைக்காரர் இருபதுக்கான விலையைப் போட்டுவைப்பார், ஆர்டர் குறைந்தால் நட்டம் வரக்கூடாதே என்று. 40 உறுதி என்றால் 40 என்றே எழுதுங்கள். இன்னும் பத்து தேவைப்படலாம் என்றால், அதே விலையில் கூடுதலாக 10 தருவாரா என்பதைத் தனி வரியாகக் கேளுங்கள்.

தேதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். '15 நாளில் தருகிறோம்' என்ற கொட்டேஷனில் அந்த 15 நாள் எப்போது தொடங்குகிறது? பெரும்பாலும் அட்வான்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து. சின்னப் பட்டறைகள் பவுடர் கோட்டிங்கை வெளியே கொடுத்து வாங்குவார்கள். மே மாதத்தில் பள்ளி ஆர்டர்கள் குவியும்போது அங்கேயும் வரிசை நிற்கும். எனவே நாள் கணக்கு வேண்டாம். 'மே 25-க்குள் பள்ளி வளாகத்தில் இறக்கி, வகுப்பறையில் வைத்துத் தர வேண்டும்' என்று தேதியும் இடமும் எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் எத்தனை சதவீதம், எப்போது என்பதையும் நீங்களே சொல்லிவிடலாம்.

கடைசியாக, பதில் எழுதும் படிவத்தையும் நீங்களே அனுப்ப வேண்டும். லெட்டர்பேடில் ஆளுக்கொரு பாணியில் எழுதி வந்தால், எதில் என்ன அடங்கியிருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். படிவத்தில் இந்த வரிகள் போதும்:

1. ஒரு டெஸ்க் விலை (வரி நீங்கலாக)
2. 40 டெஸ்க்குக்கான தொகை
3. ஜி.எஸ்.டி.
4. வண்டி வாடகை, இறக்குக்கூலி
5. பள்ளியில் வந்து சேரும் மொத்தத் தொகை
6. பைப் தகடு, ஒரு டெஸ்க்கின் இரும்பு எடை
7. தரும் தேதி
8. உத்தரவாதம் எத்தனை மாதம்
9. இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும்
10. நாங்கள் கேட்டதிலிருந்து மாறுவது ஏதாவது உண்டா

பத்தாவது வரியைக் கட்டாயம் வையுங்கள். 18 மில்லிமீட்டர் பலகை கிடைக்காததால் 16 போடுகிறேன் என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் சொல்லாமலே போட்டுவிடுவார்.

இப்போது அந்த மூன்று விலைகளையும் படிவத்தில் நிரப்பிப் பார்ப்போம். 4,200 ரூபாய்க்காரருக்கு 40 டெஸ்க் 1,68,000. அவர் விலையில் வரி சேரவில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி. 30,240. வண்டி, இறக்குக்கூலி 8,000. மொத்தம் 2,06,240, தகடோ 1.2 மில்லிமீட்டர். 4,600 ரூபாய்க்காரருக்கு 1,84,000, வரி 33,120, வண்டி 6,000. ஆக 2,23,120, தகடு 1.6. 5,000 ரூபாய் சொன்னவர் வரி, வண்டி, இறக்கி வைப்பது எல்லாம் சேர்த்தே சொல்லியிருந்தார். மொத்தம் 2,00,000, தகடு 1.6. அதிக விலையாகத் தெரிந்தவர்தான் குறைந்த விலைக்காரர்.

பள்ளிகள் பொதுவாகக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் வரியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வியாபாரி என்றால், வரி நீங்கலான தொகையை ஒப்பிடுவதே சரி.

கடிதம் எல்லோருக்கும் ஒரே நாளில் போக வேண்டும், பதிலுக்குக் கெடுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் சந்தேகம் கேட்டு நீங்கள் விளக்கினால், அதே விளக்கத்தை மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்வது அந்த ஒரு தடவை பலிக்கலாம். குறைத்த காசை அவர் பைப்பிலோ பலகையிலோ எடுத்துவிடுவார். அடுத்த முறை முதலிலேயே ஏற்றித்தான் எழுதுவார்.

வந்த மூன்றும் உண்மையில் மூன்று பேருடையதா என்றும் பாருங்கள். ஒரே முதலாளி வேறு வேறு பெயரில் கொட்டேஷன் கொடுப்பது நடக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அதற்கடுத்த பத்து எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண். இரண்டு கொட்டேஷனில் அந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒருவரே. பான் வேறாக இருந்து, போன் எண்ணோ எழுத்துப் பிழைகளோ ஒன்றாக இருந்தாலும் விசாரிக்க வேண்டியதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போது அவர் நிரப்பிய படிவத்தையே ஆர்டருடன் இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். முதல் டெஸ்க்கை மாதிரியாகச் செய்து காட்டச் சொல்லி, சரியென்றால் மீதி 39-க்கு அனுமதி கொடுங்கள். சரக்கு இறங்கும் நாளில் நாலைந்து டெஸ்க்கை எடுத்து, கால் அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைக் கழற்றி, பைப்பின் விளிம்பில் காலிப்பரை வையுங்கள். 1.6 காட்ட வேண்டிய இடத்தில் 1.2 காட்டினால், மீதித் தொகை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.