மாதா மாதம் போகும் பணம் நின்றுவிட்டதா?

மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2019-ல் தம்பி மகன் சென்னையில் பொறியியல் சேர்ந்தபோது, அவன் கைச்செலவுக்கு மாதம் 3,000 ரூபாய் அனுப்ப முடிவு செய்தார். தன் வங்கிக் கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி அவர் கணக்கிலிருந்து பையனின் கணக்குக்குப் பணம் போகத் தொடங்கியது. வங்கிக்காரர்கள் இதை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், சுருக்கமாக எஸ்.ஐ. என்பார்கள். 2023-ல் பையன் மேல்படிப்புக்காக வெளியே அறை எடுத்தான். வாடகைக்கு இன்னும் 2,000 வேண்டியிருந்தது. இந்த முறை அத்தை கிளைக்குப் போகவில்லை. வாடகையை 5ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதால், வங்கியின் கைபேசிச் செயலியில் 5ஆம் தேதிக்கு இன்னொன்றைப் பதிவு செய்தார்.

இப்போது பையன் போன் செய்கிறான்: “அத்தே, வேலை கிடைச்சிருச்சு. இனிமே பணம் அனுப்பாதீங்க.”

அத்தையின் நினைவில் இருப்பது “மாசம் அஞ்சாயிரம் போகுது” என்ற ஒற்றைக் கணக்கு. செயலியைத் திறக்கிறார், அங்கே இருந்த ஒரே எஸ்.ஐ.யை ரத்து செய்கிறார், உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தியும் வருகிறது. 5ஆம் தேதி பணம் போகவில்லை. வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறார். 10ஆம் தேதி காலை 3,000 ரூபாய் கழிந்ததாக வேறொரு குறுஞ்செய்தி வருகிறது.

வங்கி தவறு செய்யவில்லை. இரண்டு உத்தரவுகள் இருந்தன, ஒன்றுதான் ரத்தானது. கிளையில் காகிதத்தில் கொடுத்து ஊழியர் பதிவு செய்த எஸ்.ஐ., செயலியிலோ நெட் பேங்கிங்கிலோ தெரியும் என்று எல்லா வங்கிகளிலும் எதிர்பார்க்க முடியாது. அதனால் நிறுத்தும் வேலையைச் செயலியின் பட்டியலிலிருந்து தொடங்காமல், கணக்கு அறிக்கையிலிருந்து தொடங்குவதே சரி. பாஸ்புக் இருந்தாலும் போதும். கடந்த மூன்று மாதங்களில் அந்த உறவினரின் பெயருக்கோ கணக்கு எண்ணுக்கோ போன பற்றுகளையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். தேதி, தொகை, பக்கத்தில் அச்சாகியிருக்கும் விவரக் குறிப்பு, இந்த மூன்றும் வேண்டும். விவரக் குறிப்பில் SI என்றோ NEFT என்றோ இருந்தால் உங்கள் வங்கியே அனுப்புகிறது. UPI என்று இருந்தால் யுபிஐ வழியாகப் போகிறது. அதை எந்தச் செயலியில் அமைத்தீர்களோ அதில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதியில் தேட வேண்டும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் மேண்டேட்டும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. ACH என்ற எழுத்துகள் இருந்தால் அது வேறு கதை: காப்பீடு, கடன் தவணை, மியூச்சுவல் ஃபண்டு போன்றவற்றுக்காக ஒரு நிறுவனம் உங்கள் கணக்கிலிருந்து இழுக்கும் பணம் அது. உறவினருக்குப் போகும் பணம் அந்த வழியில் போகாது. குழப்பத்தில் அதைப் போய் ரத்து செய்துவிடாதீர்கள்.

நம் ஆசிரியை வட்டமிட்டிருந்தால் மாதத்துக்கு இரண்டு வட்டம் விழுந்திருக்கும். அதுவே போதுமான எச்சரிக்கை.

செயலியில் ரத்து செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. சில வங்கிகளின் திரையில் எஸ்.ஐ. ஒரே வரியாகத் தெரியாது. வரப்போகும் ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனி வரியாக வரிசையில் நிற்கும். முதல் வரியைத் தொட்டு ரத்து செய்தால் அந்த ஒரு மாதம் மட்டும்தான் நிற்கும், அடுத்த மாதம் பணம் மறுபடி கிளம்பும். இந்த மாதத்தை மட்டும் தவிர்க்கும் வசதிக்கும் முழுவதையும் முடிக்கும் வசதிக்கும் சில இடங்களில் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். ரத்து செய்த கையோடு வெளியே வந்து, மீண்டும் உள்ளே போய்ப் பட்டியலைப் பாருங்கள். நடப்பில் உள்ளவை என்ற பட்டியலில் அது இருக்கக்கூடாது. ரத்தானவை என்று தனிப் பட்டியல் இருந்தால் அதில் இருக்க வேண்டும். அடுத்த தவணைத் தேதி என்று எங்காவது ஒரு தேதி இன்னும் காட்டினால் வேலை முடியவில்லை. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சில செய்திகள் “உங்கள் கோரிக்கை பெறப்பட்டது” என்றுதான் சொல்கின்றன. பெறப்பட்டது வேறு, ரத்தானது வேறு.

கிளையில் கொடுத்ததை நிறுத்தக் கிளைக்குத்தான் போக வேண்டியிருக்கும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. “மேற்கண்ட என் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதந்தோறும் 10ஆம் தேதி இன்னாருடைய இந்தக் கணக்குக்குச் செல்லும் ரூ.3,000-க்கான ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனை, வரும் தவணை முதல் முழுவதுமாக ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.” இவ்வளவுதான். எஸ்.ஐ. எண் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் கவுண்டரில் கேளுங்கள், கணினியில் பார்த்துச் சொல்வார்கள். கேட்கும்போதே, “இந்தக் கணக்குல வேற எஸ்.ஐ. ஏதாவது ஓடுதா சார்?” என்றும் கேட்டுவிடுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். இந்த நகலின் அருமை பின்னால் தெரியும்.

எப்போது கொடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். எஸ்.ஐ. பெரும்பாலும் கிளை திறப்பதற்கு முன்பே, கணினி தானாக ஓட்டும் தொகுப்பு வேலையாக நடந்துவிடும். அந்த மாதம் 10ஆம் தேதி திங்கட்கிழமை என்று வையுங்கள். அப்படியானால் 8ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை, 9 ஞாயிறு. ஆசிரியை 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை கடிதத்தைக் கொடுத்து, ஊழியர் அதைக் கணினியில் ஏற்றாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனால், திங்கள் காலை அவர் வந்து உட்காருவதற்குள் பணம் போயிருக்கும். நாள்காட்டியில் மூன்று நாள் இருந்தது போலத் தெரிந்தாலும், வேலை நாள் ஒன்றுகூட இல்லை. வங்கிக்கு வங்கி கெடு மாறும். தவணைக்கு முன்பு ஒரு முழு வாரம் இருக்கும்போதே கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு முறை கேட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

பணம் கிளம்பிவிட்டால் வழியில் மறிக்க முடியாது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறு, விடுமுறை பார்க்காமல் 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுகிறது. ஐஎம்பிஎஸ் என்றால் அந்தக் கணமே சேர்ந்துவிடும். பையனின் கணக்கில் விழுந்த பணத்தை அவன் சம்மதம் இல்லாமல் வங்கி திரும்ப எடுத்துத் தராது. அவன் அனுப்பி வைத்தால்தான் உண்டு. நல்ல உறவு என்றால் ஒரு போனில் முடியும் விஷயம். மனத்தாங்கலில் நிறுத்தப்படும் பணம் என்றால் அவ்வளவு எளிதல்ல.

குறுக்குவழிகள் சிலவும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பயனாளிப் பட்டியலிலிருந்து உறவினரின் பெயரை நீக்குவது. எஸ்.ஐ. பதிவாகும்போதே கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் அதற்குள் பதிந்திருக்கலாம். அப்படி இருந்தால் பட்டியலில் பெயர் போனாலும் பணம் போகும். இன்னொன்று, தவணை நாளில் கணக்கைக் காலியாக வைப்பது. இது இன்னும் மோசம். எஸ்.ஐ. தோற்றால் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும், சில அடுத்தடுத்த நாள்களில் மறுபடி முயன்று பார்க்கும், ஓய்வூதியம் வந்து விழுந்ததும் அதிலிருந்து கழித்துவிடும். வைப்புத்தொகையோடு ஸ்வீப் வசதி இணைத்திருந்தால், சேமிப்பில் பணம் இல்லை என்றதும் வைப்பை உடைத்து அனுப்பிவிடும். கணக்கைக் காலி செய்தது எஸ்.ஐ.யை ரத்து செய்தது ஆகாது. அது அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

வாங்குகிறவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் கதையில் பையனே வேண்டாம் என்றான். ஆனால் ஊரில் இருக்கும் சித்திக்கு அனுப்புகிறீர்கள், 10ஆம் தேதி வரும் அந்தப் பணத்தை நம்பி 12ஆம் தேதி அவர் கணக்கிலிருந்து நகைக்கடன் வட்டியோ சீட்டுத் தவணையோ கழிகிறது என்றால், நீங்கள் சொல்லாமல் நிறுத்தியதற்கு அபராதம் கட்டுவது அவர். எந்த மாதம் கடைசி என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அவர் தன் தேதிகளை மாற்றிக்கொள்வார். நீதிமன்றமோ மூத்த குடிமக்கள் பராமரிப்புத் தீர்ப்பாயமோ போட்ட உத்தரவின்படி அனுப்பும் பணம் என்றால் நிலைமையே வேறு. எஸ்.ஐ. உங்கள் விருப்பப்படி ரத்தாகும், கொடுக்க வேண்டிய கடமை ரத்தாகாது. உத்தரவை மாற்றக் கேட்டு அங்கேதான் போக வேண்டும்.

சரி, அடுத்த தவணை போகாது என்பதற்கு முழு உறுதி எப்போது கிடைக்கும்? தவணைத் தேதிக்கு முந்தைய வேலை நாளில் பட்டியலை ஒரு முறை பாருங்கள், கிளை எஸ்.ஐ. என்றால் போன் செய்து கேளுங்கள். தவணைத் தேதியன்று மாலை இருப்பைப் பாருங்கள். அன்று விடுமுறையாக இருந்தால் சில வங்கிகள் அடுத்த வேலை நாளில் அனுப்பும் என்பதால் அந்த நாளையும் தாண்ட விடுங்கள். ஒரே ஒரு தவணையை மட்டும் ரத்து செய்திருக்கும் சந்தேகம் தீர, அதற்கடுத்த மாத அறிக்கையிலும் அந்தத் தேதியை ஒரு பார்வை பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போனால், முத்திரை வாங்கிய நகலை வெளியே எடுங்கள். உரிய காலத்தில் உத்தரவைத் திரும்பப் பெற்றதற்கு அதுதான் சாட்சி. கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, கழித்த தொகையைத் திருப்பி வரவு வைக்கக் கேளுங்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை மாலை வாயால் சொல்லிவிட்டு வந்ததாக மட்டும் இருந்தால், அங்கே காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.