ஒன்றரை டன் எதற்கு?

"மொட்டை மாடிக்குக் கீழ் ரூமா? அப்ப ஒன்றரை டன் போட்டுடுங்க சார், ஒரு டன் இழுக்காது." சென்னையில் ஏசி வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் கேட்கும் பேச்சு இது. அறையின் நீள அகலத்தைக்கூடச் சில சமயம் கேட்பதில்லை. உண்மையில் அந்த அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்று ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

10 அடிக்கு 11 அடி படுக்கையறை. மேலே கான்கிரீட் தளம், மேற்கில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு ஜன்னல், தூங்குவது இரண்டு பேர். மே மாத இரவு, வெளியே 32 டிகிரி, கடற்கரை ஊருக்கே உரிய புழுக்கம். உள்ளே 26 டிகிரி வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் அந்தச் சூட்டைக் கீழே விடும். அதில் ஏறக்குறைய 500 வாட் வரும். சுவர்களிலிருந்து 350 வாட். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியே நுழையும் ஈரக்காற்றால் 300. தூங்கும் ஆள் ஒருவர் 100 வாட் வெப்பம் தருவார் என்றால் இருவருக்கு 200. மின்விசிறி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 1,450 வாட்.

ஏசியில் 1 டன் என்பது எடையல்ல, மின்சாரச் செலவும் அல்ல. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் திறன். வாட்டில் சொன்னால் சுமார் 3,500. ஆக மேல்மாடி அறைக்கே ஒரு டன்னில் பாதிக்கும் குறைவுதான் தேவைப்படுகிறது. இரவு ஒன்பது மணிக்கு, சுவரும் மெத்தையும் சூடாக இருக்கும்போது, முதல் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அதற்கும் மிச்சம் 2,000 வாட் கையிருப்பில் இருக்கிறது. பிற்பகலில் மேற்கு ஜன்னல் கண்ணாடியில் நேர்வெயில் அடித்தால் இன்னும் 700 வாட் வரை சேரலாம். திரை போட்டால் அதிலும் ஒரு பகுதி குறையும். நடுமாடி அறை என்றால் தளத்தின் 500 வாட் கணக்கிலேயே வராது, 0.8 டன் தாராளம். ஹாலோடு சேர்ந்து திறந்திருக்கும் அறை, 150 சதுர அடிக்கு மேல் பரப்பு, பெரிய கண்ணாடிச் சுவர் போன்ற இடங்களில்தான் ஒன்றரை டன்னைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும், சீக்கிரம் குளிருமே என்று தோன்றும். சீக்கிரம் குளிரும்தான், தொல்லையே அதில்தான். ஏசி இரண்டு வேலை செய்கிறது: காற்றின் சூட்டைக் குறைக்கிறது, ஈரத்தையும் பிழிகிறது. உள்ளே இருக்கும் காயில் நன்றாகக் குளிர்ந்து, அதன்மேல் காற்று நெடுநேரம் ஓடினால்தான் ஈரம் நீராகத் திரண்டு குழாய் வழியே வெளியே சொட்டும். பழைய வகை ஒன்றரை டன் ஏசி நம் அறையில் மணிக்குப் பதினேழு நிமிடம் கம்ப்ரஸரை ஓட்டினாலே போதும். மற்ற நேரம் கம்ப்ரஸர் நின்றிருக்க, உள்விசிறி மட்டும் சுற்றும். அப்போது காயிலில் ஒட்டியிருக்கும் நீர் ஆவியாகித் திரும்ப அறைக்கே வந்துவிடும். உடம்பு சில்லிடும், ஆனால் படுக்கை பிசுபிசுக்கும். பலர் இந்தப் பிசுபிசுப்பைக் குளிர் போதவில்லை என்று எண்ணி 20-க்கு இறக்குகிறார்கள்.

இன்வெர்ட்டர் ஏசி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். பாதி உண்மை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஒரு அடிமட்டம் உண்டு. மாடலுக்கு மாடல் மாறினாலும், பெரும்பாலும் முழுத்திறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அது இருக்கும். ஒரு டன் ஏசி 1,000 வாட் அருகே வரை இறங்கி நிற்கும். ஒன்றரை டன் 1,500-க்குக் கீழே இறங்கத் தடுமாறும். விடியற்காலை நான்கு மணிக்கு நம் அறையின் தேவை ஆயிரத்துக்குச் சற்று மேல்தான். அந்த நேரத்தில் ஒரு டன் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றரை டன் நின்று நின்று ஓடும். பெரிய ஏசி வாங்கி இன்வெர்ட்டருக்கும் காசு கொடுத்தவர், அதன் சிறந்த குணத்தை அதிகம் தேவைப்படும் நேரத்தில் இழக்கிறார்.

ஏற்கெனவே ஏசி வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். தண்ணீர் வெளியேறும் குழாயின் அடியில் இரவு ஒரு வாளி வையுங்கள். புழுக்கமான இரவில் நம் கணக்குப்படி மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, எட்டு மணி நேரத்தில் மூன்று, மூன்றரை லிட்டர் சேர வேண்டும். கதவு மூடியிருந்தும் வாளியில் ஒரு லிட்டர்கூட இல்லை, அறையும் பிசுபிசுக்கிறது, வெளி யூனிட் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று கிளம்புகிறது என்றால் ஏசி அறைக்குப் பெரிது. சீராக ஓடியும் நீர் குறைவென்றால் ஃபில்டரில் தூசியா, வாயு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ஸ்டார். நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் எரிசக்தித் திறன் வாரியமான பி.இ.இ. சில ஆண்டுகளுக்கொரு முறை அளவுகோலைக் கடுமையாக்குகிறது. 2022-இல் மாறியபோது, பழைய அளவுகோலில் ஐந்து ஸ்டார் வாங்கிய மாடல்கள் பல நான்குக்கு இறங்கின. எனவே லேபிளில் எந்த ஆண்டு என்று பாருங்கள். அதிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் அச்சிட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. நம்முடைய மணி நேரத்துக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு டன் ஏசிகள் இரண்டில் மூன்று ஸ்டார் லேபிளில் 690 யூனிட், ஐந்து ஸ்டாரில் 520 யூனிட் என்று வைப்போம். வித்தியாசம் 170. கோடையில் நான்கு மாதம், இரவு எட்டு மணி நேரம் மட்டும் போடுகிறவருக்கு மொத்தம் 960 மணி நேரம். மிச்சமாவது சுமார் 100 யூனிட். யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் என்றால் ஆண்டுக்கு 850 ரூபாய். விலை வித்தியாசம் ஆறாயிரம் என்றால் அதை எடுக்க ஏழு வருடம் ஆகும். இவருக்கு மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் போதும் என்றே சொல்வேன். அதே ஏசியை ஆண்டில் 250 இரவு ஓட்டும் வீட்டில் மூன்றரை வருடத்தில் பணம் திரும்பிவிடும். அங்கே ஐந்து ஸ்டார்தான் சரி.

ஓட்டும் முறையில் பெரிய மிச்சம் டெம்பரேச்சரில்தான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு 26-இல் வைத்தால் பெரும்பாலோருக்கு 24 போலவே இருக்கும். விசிறி எடுக்கும் மின்சாரம் இந்த மிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்னும், அது உண்மை. பிஎல்டிசி விசிறியாக இருந்தால் 30 வாட் அளவோடு போகும். 18-இல் வைத்தால் விரைவில் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. 26-இல் வைத்தாலும் சூடான அறையில் ஏசி முதலில் முழு வேகத்தில்தான் ஓடும்.

தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இந்த இரண்டு டிகிரிக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ஏசி தவிர 310 யூனிட் எரிக்கும் வீட்டில், 24-இல் ஓடும் ஏசி இரண்டு மாதத்தில் 200 யூனிட் எடுத்தால் மொத்தம் 510. 26-இல் வைத்தால் 486. குறைந்தது வெறும் 24 யூனிட்தான். ஆனால் 500-ஐத் தாண்டாமல் இருப்பதால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உள்ள சலுகை விலை தங்கிவிடுகிறது. தாண்டினால் அந்த நூறு யூனிட்டுக்கே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும்.