35 மைல் என்று நினைத்தது 410 மைல்

1999 செப்டம்பரில், பிரேசிலிலிருந்து சீனாவுக்கு இரும்புத்தாது ஏற்றிச் சென்ற 'கேப் பிராவிடன்ஸ்' என்ற கப்பல் தென் இந்தியப் பெருங்கடலில் பலத்த சேதமடைந்தது. மீட்புப் பணியை சவ்லிரிஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அமர்த்திய இழுவைக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து போய்ச் சேர ஐந்தாறு நாள் ஆகும். அதற்குள் கப்பல் மூழ்கிவிட்டால் மாலுமிகளை ஏற்றிக்கொள்ள யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமே!

கப்பல்களுக்கு வானிலைத் தகவல் தரும் ஒரு சேவையை விசாரித்தார்கள். 'கிரேட் பீஸ்' என்ற கப்பல் சுமார் 35 மைல் தொலைவில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. உடனே பேச்சு முடிந்தது: குறைந்தது ஐந்து நாள், நாளுக்கு 16,500 டாலர். நடுவில் வேண்டாம் என்றாலும் ஐந்து நாள் வாடகையைக் கட்டியாக வேண்டும்.

பிறகுதான் தெரிந்தது, இரண்டு கப்பல்களுக்கும் நடுவே 410 மைல் இருந்தது. கப்பல்கள் அருகருகே இருப்பதாக இரு தரப்பும் நினைத்துத்தான் கையைக் குலுக்கியிருந்தன. சவ்லிரிஸ் இன்னொரு கப்பலைப் பிடித்துக்கொண்டு, இரு தரப்புமே தவறாக நினைத்ததால் ஒப்பந்தமே செல்லாது, பணம் தர முடியாது என்றது. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

2002-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரு தரப்பும் ஒரே விஷயத்தைத் தவறாக நம்பியிருந்தால் மட்டும் ஒப்பந்தம் உடைந்துவிடாது. அந்தத் தவறினால் பேசிய வேலையையே செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது செய்யக்கூடியது பேசியதற்குச் சம்பந்தமே இல்லாததாக ஆகியிருக்க வேண்டும். இங்கே இரண்டு கப்பல்களும் எதிரெதிரே நகர்ந்திருந்தால் சுமார் 22 மணி நேரத்தில் சந்தித்திருக்கும். மிச்சமுள்ள நாட்களுக்குக் காவல் கிடைத்திருக்கும். சேவையின் மதிப்பு குறைந்திருக்கலாம், ஆனால் சேவை இல்லாமல் போகவில்லை.

சவ்லிரிஸின் நடத்தையும் அதற்கு எதிராகத் திரும்பியது. உண்மைத் தொலைவு தெரிந்தவுடன் அது ரத்து செய்யவில்லை. பக்கத்தில் வேறு கப்பல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிடைத்த பிறகுதான் ரத்து செய்தது. கிடைத்திருக்காவிட்டால் கிரேட் பீஸையே வைத்துக்கொண்டிருக்கும் என்றுதானே அர்த்தம்? ஐந்து நாள் வாடகை, அதாவது 82,500 டாலர், அதன் தலையில் விழுந்தது.

அரை நூற்றாண்டுக்கு முன் நீதிபதி டென்னிங் திறந்துவைத்த ஒரு சிறு கதவையும் இந்தத் தீர்ப்பு மூடிவிட்டது. ஒப்பந்தம் செல்லும் என்றாலும், இருவரும் தவறாக நினைத்தது அடிப்படையான விஷயமாக இருந்தால் நியாயம் கருதி அதை ரத்து செய்யலாம் என்பது அவர் வழி. கருணையான வழிதான். ஆனால் எந்த ஒப்பந்தம் நிற்கும், எது விழும் என்று வியாபாரிகளால் கணிக்கவே முடியாமல் போயிருக்கும்.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் வரும் சரக்கை ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். பேரம் பேசுவதற்கு முன்பே சரக்கு கடலில் போய்விட்டது, இருவருக்கும் அது தெரியாது. அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனால் சரக்கின் மதிப்பைத் தப்பாகக் கணித்துவிட்டேன் என்று யாராவது வந்து நின்றால், அது இந்தப் பிரிவில் சேராது என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

ஒருவர் மட்டும் தவறினால் கணக்கே வேறு. 2003 ஜனவரியில் சிங்கப்பூரின் டிஜிலேண்ட்மால் இணையக் கடையில் 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள லேசர் பிரிண்டர் 66 டாலர் என்று ஏறிவிட்டது. ஊழியர் செய்த தவறு. நண்பர்கள் ஆறு பேர் நள்ளிரவுக்குப் பிறகு ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி, மொத்தம் 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கணினியும் தானாகவே உறுதிச் செய்தி அனுப்பிவிட்டது.

கடை கொடுக்க மறுத்தது, அறுவரும் வழக்குப் போட்டார்கள். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள். அது பிழையான விலை என்று தெரிந்துகொண்டேதான் அவர்கள் வாங்கினார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நடுராத்திரியில் எழுந்து நூற்றுக்கணக்கில் ஆர்டர் போடுகிறவர், தள்ளுபடி என்று நம்பினேன் என்றால் யார் நம்புவார்கள்?

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது, அஜாக்கிரதையாக இருந்த கடை தப்பித்தது, முறையாக விசாரித்துவிட்டு இறங்கிய சவ்லிரிஸ் மாட்டிக்கொண்டது என்பதுதான். கடையைக் காப்பாற்றியது எதிராளியின் மனதில் இருந்த ஒரு விவரம். கிரேட் பீஸ் தரப்பில் யாருக்கும் அப்படி எதுவும் தெரியாது.

அந்தப் பிரிண்டரையே விலை ஏதும் அறியாத ஒருவர் ஒன்றே ஒன்று வாங்கியிருந்தால், கடையின் நிலை வெகுவாகப் பலவீனப்பட்டிருக்கும். நம் சட்டத்தின் 22-ஆவது பிரிவும், ஒரு தரப்பு மட்டும் உண்மை விவரத்தில் தவறியது என்ற காரணத்தால் மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது.