எல்லாருக்கும் ஒரே கணக்கு

நியூ ஜெர்சியின் எடிசன், பிஸ்கேட்டவே பக்கம் குடியேறிய தமிழர்களில் பலர் இன்று வீட்டுக்காரர்கள். வேலைக்கு வந்த காலத்தில் வாங்கிய டவுன்ஹவுஸை விற்காமல் வைத்திருந்து, பெரிய வீட்டுக்குப் போனதும் வாடகைக்கு விடுகிறார்கள். அதற்கான விளம்பரம் சில சமயம் வாட்ஸ்அப் குழுவில் இப்படி வரும்: "இரண்டு பெட்ரூம், ரயில் நிலையம் பக்கம், இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்." அந்தக் கடைசி மூன்று சொற்களிலேயே சட்டம் மீறப்பட்டுவிடுகிறது.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது நியாயமான குடியிருப்புச் சட்டம். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைப் பார்த்து வீடு மறுப்பதை அது தடை செய்தது. 1974-ல் பாலினமும், 1988-ல் உடல் ஊனமும் குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதும் அதில் சேர்ந்தன. ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் பாகுபாடு காட்டும் விளம்பரத்துக்கு அந்த விலக்கும் கிடையாது. நியூ ஜெர்சியின் சொந்தச் சட்டம் இன்னும் கடுமையானது. வாடகைக்கான பணம் சட்டப்படியான எந்த வழியில் வந்தாலும், அந்த வழியைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது.

விளம்பரத்தில் தவறு செய்யாதவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கட்டம். மனதுக்குப் பிடித்தவர் ஒரு சம்பளச் சீட்டு காட்டினால் போதும் என்பார் வீட்டுக்காரர். பழக்கமில்லாத பெயரோடு வருபவரிடம் இரண்டு வருட வரிக்கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு, உத்தரவாதம் போட ஒரு ஆள் என்று அடுக்குவார். கேட்கும் ஒவ்வொரு காகிதமும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஒருவரிடம் மட்டும் கேட்கும்போதுதான் அது பாகுபாடாகிறது. தான் அப்படிச் செய்கிறோம் என்பது வீட்டுக்காரருக்கே தெரியாமல் போவதும் உண்டு.

இதைத் தவிர்க்க வழி, முதல் ஆள் வீடு பார்க்க வருவதற்கு முன்பே விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது. எவ்வளவு வருமானம் வேண்டும், அதை எப்படிக் கணக்கிடுவோம், எத்தனை மாத வாடகை வரலாறு பார்ப்போம், வரலாறே இல்லாதவருக்கு என்ன விதி, பலர் தகுதி பெற்றால் யாருக்கு வீடு என்பவற்றை எழுதி, கேட்பவர் எல்லாருக்கும் அதே பக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 2,400 டாலர். பிடித்தம் போவதற்கு முந்தைய வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு, அதாவது 7,200 டாலர் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த மூன்று மடங்கு சட்டம் சொன்னது அல்ல. அமெரிக்க வீட்டுக்காரர்களிடையே உள்ள வழக்கம். நான்கு பேர் விண்ணப்பிக்கிறார்கள்.

முதலாமவர் மருத்துவமனை நர்ஸ். சம்பளச் சீட்டில் 3,400 டாலர் என்று இருக்கிறது. அவசரமாக இரண்டால் பெருக்கினால் 6,800. தகுதியில்லை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அவருக்குச் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அப்படியானால் வருடத்துக்கு 24 சீட்டு அல்ல, 26. மூவாயிரத்து நானூறை 26-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 7,366 டாலர் வருகிறது. அவர் தகுதியுள்ளவர். அதே 3,400 டாலரை மாதத்துக்கு இரண்டு முறை, 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் வாங்குபவருக்கு வருடத்துக்கு 24 சீட்டுதான். அவர் தகுதி பெற மாட்டார். சீட்டில் உள்ள தொகை ஒன்றே, முடிவு வேறு. ஒருவருக்கு 26-ஆலும் இன்னொருவருக்கு இரண்டாலும் பெருக்குகிற வீட்டுக்காரர், மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே ஒருவருக்கு அநீதி செய்துவிடுகிறார்.

இரண்டாமவர் சொந்தமாக லாரி ஓட்டுபவர். அவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. 'எல்லாரிடமும் ஒரே காகிதம்' என்று பிடிவாதம் பிடித்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஒரே காகிதம் தேவையில்லை. ஒரே அளவுக்கு நம்பகமான ஆதாரம் போதும். அவர் வருடாந்தர வருமான வரிக்கணக்கோடு இணைக்கும் 'ஷெட்யூல் சி' படிவத்தில் லாரித் தொழிலின் வரவும் செலவும் நிகர லாபமும் இருக்கும். வங்கியில் விழும் தொகை டீசலுக்கும் டயருக்கும் போக வேண்டிய பணத்தையும் சேர்த்தது என்பதால் அதை வருமானமாக எடுக்கக் கூடாது. நிகர லாபம் ஒரு வருடம் 84,000 டாலர், அடுத்த வருடம் 92,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 88,000, மாதத்துக்கு 7,333 டாலர். இவரும் தகுதியுள்ளவர்.

மூன்றாமவர் அரசின் வாடகை உதவி வவுச்சர் வைத்திருக்கும் ஒரு தாய். மாத வருமானம் 2,300 டாலர்தான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வாடகையில் 1,700 டாலரை வீட்டுவசதி அலுவலகம் நேராக வீட்டுக்காரருக்கு அனுப்புகிறது. அவர் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 700 மட்டுமே. மூன்று மடங்கு என்ற விதியை அந்த 700-க்குத்தான் போட வேண்டும். தேவை 2,100; அவருக்கு அதற்கு மேலேயே வருகிறது. முழு வாடகைக்கு மூன்று மடங்கு கேட்பது, வவுச்சர்காரர்களுக்கு வீடு இல்லை என்று பலகை மாட்டுவதற்குச் சமம். கலிபோர்னியாவிலும் இதே முறைதான். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் வவுச்சரை ஏற்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதால், விதி எழுதும் முன் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்ப்பது அவசியம்.

நான்காமவர் சென்ற மாதம்தான் எச்-1பி விசாவில் சென்னையிலிருந்து வந்த பொறியாளர். வருடம் 96,000 டாலர் என்று வேலைக் கடிதம் சொல்கிறது, மாதம் 8,000. வருமானத்தில் சிக்கல் இல்லை. ஆனால் அமெரிக்காவில் வாடகை வரலாறும் இல்லை, கிரெடிட் மதிப்பெண்ணும் இல்லை. வரலாறு இல்லாததும் கெட்ட வரலாறும் வேறு வேறு. வரலாறு இல்லாதவர் கூடுதல் முன்பணம் கட்டலாம் என்று விதியில் எழுதலாம். நியூ ஜெர்சியில் முன்பணம் மொத்தம் ஒன்றரை மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தச் சலுகை சென்னைப் பொறியாளருக்குக் கிடைத்தால், பெற்றோர் வீட்டிலிருந்து முதன்முதலாகத் தனியே வரும் கறுப்பின இளைஞருக்கும் கிடைக்க வேண்டும். 'நம்ம ஆள், பரவாயில்லை' என்பதுதான் இந்தச் சட்டம் தடுக்க வந்த வாக்கியம்.

சீட்டு உண்மையானதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். போலிச் சம்பளச் சீட்டைக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதம், மெடிகேர் வரி 1.45 சதவீதம். மூவாயிரத்து நானூறு டாலர் சீட்டில் இவை 210.80, 49.30 என்று வர வேண்டும். காப்பீட்டுக்கு முன்கூட்டியே பிடித்திருந்தால் கொஞ்சம் குறையலாம், கூட வழியில்லை. வருடத் தொடக்கத்திலிருந்து வாங்கிய மொத்தமும் சீட்டில் இருக்கும். பதின்மூன்றாவது சீட்டில் அது 44,200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஓவர்டைம், சம்பள உயர்வு, இடையில் வேலைக்குச் சேர்ந்தது என வித்தியாசத்துக்கு நல்ல காரணங்களும் உண்டு. பொருந்தாவிட்டால் முதலில் கேட்க வேண்டும். நிறுவனத்தை அழைக்கும்போது விண்ணப்பத்தில் எழுதிய எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் பொது எண்ணை நாமே தேடி அழைக்க வேண்டும். இந்தச் சோதனை சந்தேகம் வந்தவருக்கு மட்டும் என்றால் மறுபடியும் பழைய குழியில் விழுவோம். நான்கு பேருக்கும் செய்ய வேண்டும்.

வாடகை வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. இப்போதைய வீட்டுக்காரர் சொல்வதை முழுக்க நம்ப முடியாது. தொல்லை கொடுப்பவர் காலி செய்தால் போதும் என்று அவர் புகழ்ந்து தள்ளலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு தேவை இல்லை. ஆகவே கடந்த இரண்டு வருடத்தில் இருந்த எல்லா வீட்டுக்காரர்களையும் அழைப்பது நல்லது. நண்பரையே வீட்டுக்காரராக நடிக்க வைப்பவர்களும் உண்டு என்பதால், பொதுமக்கள் பார்க்கக்கூடிய சொத்துவரிப் பதிவில் உரிமையாளர் பெயரை ஒப்பிட்டுக்கொள்ளலாம். "ஆள் எப்படி?" என்ற கேள்வி வேண்டாம்; அதற்கு விருப்பு வெறுப்புதான் பதிலாக வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார், வாடகை எவ்வளவு, கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முறை தாமதம், முன்பணத்தில் சேதத்துக்குப் பிடித்தீர்களா என்று எல்லாருக்கும் ஒரே கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துக் கேட்க வேண்டும்.

நீதிமன்றப் பதிவில் காலி செய்யும் வழக்கு ஒன்று தென்பட்டால் அதோடு முடிவெடுத்துவிடக் கூடாது. வழக்கு போடப்பட்டது வேறு, தீர்ப்பு வந்தது வேறு. பாக்கியைக் கட்டி வழக்கு தள்ளுபடி ஆன பிறகும் பெயர் பதிவில் நிற்கலாம். அதே பெயருள்ள வேறொருவரின் வழக்காகவும் இருக்கலாம். நியூயார்க் மாநிலம் 2019-ல் ஒரு படி மேலே போய், பழைய வாடகை வழக்கைக் காரணம் காட்டி மறுப்பதையே தடை செய்தது.

கிரெடிட் அல்லது பின்னணி அறிக்கையைப் பார்த்து மறுத்தால், கூட்டாட்சிச் சட்டப்படி விண்ணப்பதாரருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். அறிக்கை தந்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். முடிவு அந்த நிறுவனத்துடையது அல்ல, 60 நாளுக்குள் அறிக்கையின் இலவசப் பிரதி கேட்கலாம், தவறிருந்தால் திருத்தச் சொல்லலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அறிக்கையைப் பார்த்துக் கூடுதல் முன்பணமோ உத்தரவாதமோ கேட்டாலும் இந்த அறிவிப்பு கட்டாயம்.

நம் உதாரணத்தில் நான்கு பேரும் தகுதி பெற்றுவிட்டார்கள். வீடு ஒன்றுதான். பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கும் ஆசை இங்கேதான் தலைதூக்கும். முழுமையான விண்ணப்பத்தை முதலில் கொடுத்தவருக்கு என்பதே சண்டைக்கு இடமில்லாத விதி. சியாட்டில் நகரம் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. வீட்டுக்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டும், வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2019-ல் சட்டத்தின் பக்கமே நின்றது. மற்ற பல ஊர்களில் கட்டாயமில்லை என்றாலும், ஒவ்வொரு விண்ணப்பமும் முழுமையான தேதியையும் நேரத்தையும் குறித்துவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மறுக்கப்பட்டவர் மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஒரு வருடத்துக்குள் புகார் தரலாம், இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடரலாம். அதுவரையாவது விதிப் பக்கம், கணக்குப் போட்ட தாள், தொலைபேசிக் குறிப்பு எல்லாவற்றையும், வீடு கிடைக்காதவர்களுடையதையும் சேர்த்து, பத்திரமாக வைத்திருங்கள். நியாயமாக நடந்தேன் என்று சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடாது. நான்கு பேருக்கும் ஒரே கணக்குப் போட்ட தாளைக் காட்டினால் எடுபடும்.