அழித்த விடையும் சரிதான்

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். சென்ற வாரம் கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். ஒரு பக்கத்தில் பென்சிலால் எழுதிய விடையை ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த பிறகும் தடம் தெரிந்தது. sin 2x. அதன் மேலேயே பேனாவால் 2 sin x cos x என்று எழுதியிருந்தாள்.

“டியூஷன்ல குடுத்த விடைக்குறிப்புல இப்படித்தான் மாமா இருக்கு. எனக்கு வேற மாதிரி வந்துச்சு. எந்த வரியில தப்புப் பண்ணேன்னுதான் தெரியல.”

எந்த வரியிலும் தப்பு இல்லை. அவள் அழித்ததும் சரி, மேலே எழுதியதும் சரி.

கணக்கு இதுதான்: sin²x-ஐ வகையிட வேண்டும். விடைக்குறிப்பு போன வழி சங்கிலி விதி. வெளியே வர்க்கம், உள்ளே sin x. வர்க்கத்தை வகையிட்டால் 2 sin x. உள்ளே இருப்பதை வகையிட்டால் cos x. இரண்டையும் பெருக்கினால் 2 sin x cos x. அவள் போன வழி வேறு. முக்கோணவியல் பாடம் மனதில் பசுமையாக இருந்ததால், வகையிடுவதற்கு முன்பே sin²x-ஐ (1 − cos 2x)/2 என்று மாற்றி எழுதிவிட்டாள். வர்க்கமே போய்விட்டது. 1/2 மாறிலி, அதன் வகைக்கெழு பூச்சியம். cos 2x-இன் வகைக்கெழு −2 sin 2x. முன்னால் இருக்கும் −1/2 ஆல் பெருக்க, sin 2x.

ஒரு வளைகோட்டுக்கு ஒரு புள்ளியில் ஒரே ஒரு சரிவுதான் இருக்க முடியும். வகைக்கெழு என்பது அந்தச் சரிவு. கிரிவலப் பாதையில் எந்தப் பக்கமாகச் சுற்றி வந்து நின்றாலும் நிற்கிற இடத்தின் மேடு மாறுவதில்லை. ஆகவே இரண்டு வழியிலும் பிழை இல்லையென்றால் இரண்டு விடையும் எல்லா x-க்கும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். அந்தச் சமத்தைத்தான் முற்றொருமை என்கிறோம்: sin 2x = 2 sin x cos x.

பலரும் இதைச் சொல்லும்போது, கடைசியில் யாரோ வந்து சமரசம் செய்து வைத்ததைப் போல முற்றொருமையைக் கொண்டுவருவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அவளுடைய முதல் வரியிலேயே ஒரு முற்றொருமை நுழைந்துவிட்டது: cos 2x = 1 − 2 sin²x. இதன் இரு பக்கத்தையும் வகையிட்டுப் பாருங்கள். இடப்பக்கம் −2 sin 2x, வலப்பக்கம் −4 sin x cos x. −2 ஆல் வகுத்தால் sin 2x = 2 sin x cos x. தொடக்கத்தில் உள்ளே விட்ட முற்றொருமைதான் வகையிடலுக்குப் பிறகு வேறு உருவில் வெளியே வந்திருக்கிறது. இரண்டு விடையும் வேறு வேறாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுவே.

அவளுக்கு இது போதவில்லை. “சூத்திரத்தை வச்சே சூத்திரத்தைச் சொல்றீங்க மாமா” என்றாள். நியாயமான புகார். அதே நோட்டில் ஒரு முக்கோணம் வரைந்தேன்.

இரண்டு சமபக்கங்கள் கொண்ட முக்கோணம். சமபக்கம் ஒவ்வொன்றின் நீளமும் 1. அவை சந்திக்கும் உச்சிக் கோணம் 2x. உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு நேராக ஒரு செங்குத்துக்கோடு இறக்கினால் முக்கோணம் இரண்டு சம பாதிகளாகும். ஒவ்வொரு பாதியிலும் உச்சிக் கோணம் x. கர்ணம் 1 என்பதால் அடிப்பக்கத்தின் பாதி sin x, உயரம் cos x. ஆக முழு முக்கோணத்தின் பரப்பு sin x × cos x. இப்போது முக்கோணத்தைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சமபக்கம் ஒன்று அடிப்பக்கம் ஆகட்டும். அடி 1, உயரம் sin 2x, பரப்பு (1/2) sin 2x. நிற்க வைத்தாலும் படுக்க வைத்தாலும் பரப்பு ஒன்றுதான். எனவே sin 2x = 2 sin x cos x. x 90 பாகைக்குக் குறைவாக இருக்கும்வரைதான் இந்தப் படம் வரைய முடியும். மற்றக் கோணங்களுக்குக் கூட்டல் சூத்திரம் வேண்டும். ஆனால் அவள் முகம் தெளிய இந்தப் படம் போதுமானதாக இருந்தது.

இன்னொரு வழியும் உண்டு. விதி எதையும் நம்பாமல் வரையறையிலிருந்தே தொடங்குவது. முக்கோணவியலில் sin²A − sin²B = sin(A+B) sin(A−B) என்று ஒரு சூத்திரம் வரும். A-க்கு x+h, B-க்கு x என்று போட்டால், h தூரத்தில் ஏறிய ஏற்றம் sin(2x+h) × sin h. அதை h-ஆல் வகுத்து, h-ஐப் பூச்சியத்தை நெருங்கவிட்டால் sin h / h ஒன்றை நெருங்கும். மிச்சம் sin 2x. விடைக்குறிப்பு எழுதியவரின் விடை இந்த வழியில் தலைகாட்டவே இல்லை, அவளுடையதுதான் நேராக வருகிறது.

சரி, தேர்வு அறையில் இப்படி வேறு மாதிரி வந்தால் என்ன செய்வது? எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். x = 30° என்றால் 2 × 0.5 × 0.866 = 0.866; sin 60° = 0.866. பொருந்துகிறது. ஆனால் ஒரே எண்ணை நம்பக்கூடாது. உள் வகைக்கெழுவை மறந்து வெறும் 2 sin x என்று எழுதுவது இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் தவறு. x = 0 போட்டுச் சோதித்தால் இந்தத் தவறான விடையும் பூச்சியம்தான், சரியான விடையும் பூச்சியம்தான். இன்னொருவர் sin x என்று முடித்திருந்தால் x = 60° அவரைக் காப்பாற்றிவிடும்; sin 60°, sin 120° இரண்டும் 0.866. வசதியான கோணங்கள் தப்பை மறைத்துவிடும். 20°, 37° மாதிரி ஒட்டாத இரண்டு எண்களைப் போட்டால் பொய் வெளிவந்துவிடும். பொருந்தாவிட்டால் தப்பு என்பது நிச்சயம். பொருந்தினால் அநேகமாகச் சரி. முழு உறுதிக்கு முற்றொருமைதான் வேண்டும்.

கால்குலேட்டரில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அவள் அதில் விழுந்தே விட்டாள். சரிவை நேரடியாகவே கணக்கிடுகிறேன் என்று sin²31° − sin²30° போட்டாள்: 0.2653 − 0.25, அதாவது 0.0153. “0.866 எங்க, 0.0153 எங்க? ரெண்டு விடையுமே தப்பா?” என்றாள். சைனின் வகைக்கெழு கொசைன் என்பது கோணத்தை ரேடியனில் அளந்தால் மட்டுமே உண்மை. 0.0153 என்பது ஒரு பாகைக்கான ஏற்றம். ஒரு ரேடியன் சுமார் 57.3 பாகை, பெருக்கினால் சுமார் 0.875 வருகிறது. 0.866 இல்லையே என்றால், ஒரு பாகை என்பது கொஞ்சம் பெரிய அடி. ரேடியனுக்கு மாற்றி, சிறிய அடி வைக்கச் சொன்னேன். sin²(0.5) = 0.22985, sin²(0.501) = 0.23069; வித்தியாசத்தை 0.001 ஆல் வகுத்தால் 0.84. sin 1-உம் 0.84, 2 sin 0.5 cos 0.5-உம் 0.84.

இரண்டும் சமம் என்றால் இரண்டு எழுத்துமுறை எதற்கு? இரண்டும் வேறு வேறு வேலைக்கு உதவும். 2 sin x cos x-ஐப் பார்த்தவுடன் சரிவு எங்கெல்லாம் பூச்சியம் என்று தெரிந்துவிடும்: சைன் பூச்சியமாகும் இடத்திலும் கொசைன் பூச்சியமாகும் இடத்திலும். மிகச் செங்குத்தான இடம் எது என்று அதில் தெரியாது. sin 2x அதைச் சட்டென்று சொல்லும்: 45 பாகையில், சரிவு 1. அதைவிடச் செங்குத்து எங்கும் இல்லை.

வளைகோட்டை வரைந்து பார்த்தால் இன்னும் தெளிவு. சைன் அலை மேலும் கீழும் போகும். அதை வர்க்கப்படுத்தினால் கீழே போன பள்ளங்கள் எல்லாம் மேலே மடிந்துவிடும். 360 பாகைக்கு ஒரு மேடு இருந்த இடத்தில் இரண்டு மேடுகள். கீழே தரையில் கூர்மையாக இடிக்கும் என்று நினைப்போம். இல்லை, வழவழப்பாகத் தொட்டுவிட்டு எழும். வர்க்கம் செய்த பிறகும் அது அசல் சைன் அலையே; இருமடங்கு வேகம், பாதி உயரம், நடுக்கோடு மட்டும் 1/2-க்கு ஏறியிருக்கிறது. (1 − cos 2x)/2 சொல்வது அதைத்தான்.

இது வீட்டு மின்சாரத்திலேயே நடக்கிறது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 50 முறை அலைகிறது. 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு கணத்தில் அது இழுக்கும் திறன் 2000 sin²(ωt) வாட். முற்றொருமையின்படி 1000 − 1000 cos 2ωt. 1000 என்பது சராசரி, பெட்டியில் அச்சடித்திருப்பது. மற்றது நொடிக்கு 100 முறை −1000-க்கும் 1000-க்கும் இடையே ஊசலாடுகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ் அல்லாமல் 100 ஹெர்ட்ஸாக இருப்பதும் இதனால்தான்: காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்தாலும் உள்ளே உள்ள இரும்பு ஒரே மாதிரி நீள்வதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்கிறது.

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள், இம்முறை தொகையிடல் கணக்கோடு. 2 sin x cos x-ஐத் தொகையிட வேண்டும். ஒரு வழியில் sin²x வருகிறது, இன்னொரு வழியில் −cos²x, மூன்றாவதில் −(1/2) cos 2x. “இதுவும் முற்றொருமைதானே மாமா?” என்று கேட்டுக்கொண்டே x = 0 போட்டாள். 0, −1, −1/2.

இங்கேதான் கதை மாறுகிறது. இந்த மூன்றும் சமம் இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எல்லா x-க்கும் அதே எண் வரும்: sin²x-லிருந்து −cos²x-ஐக் கழித்தால் 1, −(1/2) cos 2x-ஐக் கழித்தால் 1/2. மூன்றின் சரிவும் ஒன்று, உயரம்தான் வேறு. விடையின் வாலில் + C என்று எழுதச் சொல்வது இந்த உயர வித்தியாசத்தை விழுங்கத்தான். வகையிடலில் இரண்டு விடைகள் ஒரு மாறிலியால் வேறுபட்டால் ஒன்றாவது தப்பு. தொகையிடலில் வேறுபட்டால் பாதகமில்லை.

பூச்சியத்திலிருந்து 90 பாகை வரை எல்லை போட்டுச் செய்து பார் என்றேன். முதலாவது 1 − 0. இரண்டாவது 0 + 1. மூன்றாவது 1/2 + 1/2. மூன்றையும் பேனாவால் எழுதினாள், ரப்பரை எடுக்கவில்லை.