ஒரு மின்னஞ்சல், நான்கு கார்டுகள்

"தளம் அருமையாக வந்திருக்கிறது, நன்றி. சில சின்ன மாற்றங்கள் மட்டும். புதிதாக ஒரு டாக்டர் சேர்ந்திருக்கிறார், அவரை டாக்டர்கள் பக்கத்தில் சேர்க்க வேண்டும். படமும் குறிப்பும் பிறகு அனுப்புகிறோம். அப்பாயின்ட்மென்ட் படிவத்தில் நோயாளிகள் காப்பீட்டு அட்டையைப் படமெடுத்து ஏற்ற ஒரு பட்டன் வேண்டும். முகப்புப் பக்கம் கொஞ்சம் பழசாகத் தெரிகிறது, புதுசாக்கிவிடலாம். ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளுக்கும் ஏதாவது செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும். அடுத்த வெள்ளிக்குள் கிடைத்தால் நல்லது. 04/03 அன்று புதுக் கிளை திறக்கிறோம்."

மதுரையில் வீட்டிலிருந்தபடி வலைத்தளம் வடிவமைக்கும் ஒரு ஃப்ரீலான்சரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நியூஜெர்சியில் உள்ள ஒரு பல் மருத்துவமனையிலிருந்து அவருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது. எழுதப்பட்டது 2025 மார்ச் 5, புதன்கிழமை. அவர் பார்ப்பது வியாழன் காலை காபியோடு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய கடிதம்தான். மரியாதையானது, அவசரம் இல்லாதது போலத் தோன்றுவது. ஆனால் இதற்குள் நான்கு வேலைகளும் இரண்டு தேதிகளும் பதில் தெரியாத ஏழெட்டுக் கேள்விகளும் இருக்கின்றன.

இதை அவர் தன் வேலைப் பலகைக்கு மாற்ற வேண்டும். ட்ரெல்லோ போன்ற செயலிகளில் பலகை என்பது பக்கத்துப் பக்கமாக நிற்கும் சில பத்திகள்: வந்தவை, பதிலுக்குக் காத்திருப்பவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. வேலை நகர நகர, கார்டும் பத்தி விட்டுப் பத்தி நகரும். இந்த ஏற்பாட்டின் மூலம் ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் இருக்கிறது. தைச்சி ஓனோ என்ற பொறியாளர் அங்கே வளர்த்தெடுத்த கான்பன் முறையில், கார்டு வராமல் எந்தப் பாகத்தையும் செய்யக் கூடாது, நகர்த்தவும் கூடாது. அடுத்த மேடைக்கு என்ன தேவை, எத்தனை தேவை என்பது கார்டில் இருக்கும். எழுதாத தேவைக்கு யாரும் கைவைக்க மாட்டார்கள். ஃப்ரீலான்சரின் பலகையில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த விதிதான்.

மின்னஞ்சலை அப்படியே கார்டாக்கும் வசதி ட்ரெல்லோவில் உண்டு. ஒவ்வொரு பலகைக்கும் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. வந்த கடிதத்தை அதற்கு ஃபார்வர்டு செய்தால் தலைப்பு கார்டின் பெயராகிவிடும், உள்ளே இருப்பது விளக்கமாகிவிடும், இணைப்புகளும் கூடவே வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கடிதம் ஒரே கார்டாகத்தான் விழும். "சின்ன மாற்றங்கள்" என்ற பெயரில், அனுப்பியவரின் கையெழுத்து, பழைய பதில்கள் எல்லாம் சுமந்துகொண்டு ஒரு கார்டு வந்து உட்காரும். நான்கில் மூன்று முடிந்தாலும் அதை முடிந்தவை பத்திக்குத் தள்ள முடியாது. பலகையில் ஒரு கார்டு இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை ஒளிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே பிரிப்பது கையால் செய்ய வேண்டிய வேலை. மதுரைக்காரர் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கிறார், இரண்டாம் முறை வினைச்சொற்களை மட்டும் தேடுகிறார். சேர்க்க, ஏற்ற, புதுசாக்க, ஏதாவது செய்ய. நான்கு வினை, நான்கு கார்டு. ஒவ்வொன்றின் மேலும் வாடிக்கையாளர் எழுதிய வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டுகிறார். மூலக் கடிதத்தின் இணைப்பையும் வைக்கிறார். அதன் கீழே, தான் புரிந்துகொண்டதைத் தனியாக எழுதுகிறார். இந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது. ஒரு மாதம் கழித்து "நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே" என்று பேச்சு வந்தால், எது அவர்கள் வார்த்தை, எது தன் ஊகம் என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

முதல் கார்டு இப்படி அமைகிறது:

```
பெயர்: டாக்டர்கள் பக்கத்தில் புது டாக்டரைச் சேர்த்தல்
அவர்கள் வரி: "படமும் குறிப்பும் பிறகு அனுப்புகிறோம்"
முடிந்தது என்பதற்கு அடையாளம்: படம், பெயர், குறிப்பு
  கணினியிலும் கைபேசியிலும் சரியாகத் தெரிகின்றன
கெடு: படமும் குறிப்பும் கைக்கு வந்த பின் 2 வேலை நாள்
கேள்வி: குறிப்பு எத்தனை வரி? அப்பாயின்ட்மென்ட்
  படிவத்தின் பட்டியலிலும் இவர் பெயர் வர வேண்டுமா?
```

கெடு என்ற வரியில் தேதி இல்லாததைக் கவனிக்கலாம். படம் எப்போது வரும் என்று தெரியாத வேலைக்குத் தேதி போட்டால், அடுத்தவர் தாமதம் இவருடைய தாமதமாகப் பலகையில் சிவப்பாக நிற்கும். அதனால் இந்தக் கார்டு "பதிலுக்குக் காத்திருப்பவை" பத்திக்குப் போகிறது. படம் வந்த நாளில்தான் தேதி ஏறும்.

தேதிகளே தனியாகக் கவனிக்க வேண்டியவை. புதன்கிழமை எழுதிய கடிதத்தில் "அடுத்த வெள்ளி" என்றால் மார்ச் 7-ஆ, 14-ஆ? இரண்டு அர்த்தத்திலும் பேசுகிறவர்கள் உண்டு. 04/03 என்பதை நம் ஊர்க் கண் மார்ச் 4 என்று வாசிக்கும். கடிதம் வந்ததற்கு முந்தைய நாள்! அமெரிக்காவில் மாதம்தான் முதலில். அது ஏப்ரல் 3, வியாழக்கிழமை. இது தவிர, வெள்ளிக்கிழமை வேலை நேரம் முடிவது அங்கே மாலை 5 மணி என்றால், மார்ச் 7-க்கு இங்கே சனிக்கிழமை அதிகாலை 3.30. மார்ச் 14-க்கோ 2.30. நடுவில் மார்ச் 9 அன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறது.

எனவே அவர் இரண்டு தேதிகளை வேறு வேறாக நடத்துகிறார். கிளைத் திறப்பு உறுதியான தேதி. அது மருத்துவமனையின் தேவை, தள்ளிப்போகாது. "கிடைத்தால் நல்லது" என்பது விருப்பம். கார்டில் அப்படியே "விருப்பத் தேதி" என்று எழுதுகிறார். மார்ச் 14 என்று உறுதியானாலும், தனக்கான கெடுவை வெள்ளி இரவு 7 மணி என்று வைத்துக்கொள்கிறார். அப்போது நியூஜெர்சியில் காலை 9.30. அவர்கள் பார்த்துச் சொல்ல ஒரு முழு வேலைநாள் மிச்சம் இருக்கும்.

வேலையின் எல்லை குறித்த கேள்விகள்தான் இதில் கனமான பகுதி. அளவுகோலாக இவரிடம் இருப்பது ஒப்பந்தம்: மாதம் நான்கு மணி நேரச் சிறு திருத்தங்கள், அதற்கு மேல் தனிக் கட்டணம். டாக்டரைச் சேர்ப்பது ஒரு மணி நேரத்தில் முடியும், உள்ளே வருகிறது. முகப்பைப் "புதுசாக்குவது" எதைக் குறிக்கிறது என்று தெரியாது. பெரிய படத்தையா, வாசகத்தையா, மொத்த அமைப்பையா? படம் மட்டும் என்றால், அவர்கள் தருவார்களா, விலைக்கு வாங்க வேண்டுமா, வாங்கினால் யார் செலவு? அந்தக் கார்டுக்கு "எல்லை தெரியவில்லை" என்ற சிவப்பு லேபிள்.

காப்பீட்டு அட்டைப் பட்டன் பார்ப்பதற்கு நான்கிலும் சிறியது. படிவத்தில் கோப்பு ஏற்றும் ஒரு கட்டத்தைச் சேர்க்கப் பத்து நிமிடம் போதும். ஆபத்தும் அங்கேதான். அமெரிக்காவில் 1996-இல் வந்த ஹிப்பா என்ற சட்டம் நோயாளியின் அடையாளத்தோடு சேர்ந்த மருத்துவத் தகவலைக் காக்கச் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கணினி வழியே பில் அனுப்பும் பல் மருத்துவமனைகளும் அதற்குள் அடங்கும். மருத்துவமனைக்காக அந்தத் தகவலைக் கையாளும் வெளி நிறுவனமும் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படம் போய்ச் சேரும் சர்வரை நடத்துபவருக்கும் இது பொருந்தும். சாதாரண வாடகை சர்வரில், சாதாரண மின்னஞ்சல் பெட்டியில் நோயாளியின் அட்டைப் படங்கள் குவிவதை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதைவிட, இப்போதே கேட்டுவிடுவது நல்லது. கார்டில் அவர் எழுதும் கேள்விகள்: படம் எங்கே சேமிக்கப்படும்? யார் திறந்து பார்ப்பார்கள்? எத்தனை நாளில் அழிக்க வேண்டும்? மருத்துவமனை ஏற்கெனவே பயன்படுத்தும் நோயாளி மென்பொருளில் இந்த வசதி இருக்கிறதா?

ஸ்பானிஷ் பற்றிய வரி வேலையே இல்லை, ஆசை. அதற்கும் கார்டு உண்டு, ஆனால் "பின்னால்" என்ற ஐந்தாவது பத்தியில். எழுதாமல் விட்டால் மறந்துபோகும். வேலையாக எழுதினால் செய்வதாக ஒப்புக்கொண்டது போலாகும்.

இனி பதில் கடிதம். கேள்விகள் மொத்தம் ஒன்பது வந்திருக்கின்றன, ஒன்பதையும் அனுப்பினால் இரண்டுக்குத்தான் பதில் வரும். வேலை தொடங்குவதைத் தடுக்கும் நான்கை மட்டும் எண் போட்டு, ஒரே சொல்லில் பதில் எழுதும்படி அனுப்புகிறார். "மார்ச் 14, வெள்ளி, உங்கள் நேரம் மாலை 5 மணி என்று எடுத்துக்கொள்கிறேன், வேறு என்றால் சொல்லுங்கள்." "முகப்பில் படம் மட்டுமா, படமும் வாசகமுமா?" முதல் கேள்வியில் இருப்பது போல, பதில் வராவிட்டால் தான் எப்படிச் செய்வேன் என்று சொல்லிவிடுவது வேலையை நிற்க விடாது. ஆனால் அதை ஒப்பந்தத்துக்குள் வரும் விஷயங்களுக்கு மட்டும்தான் அவர் பயன்படுத்துகிறார். தனிக் கட்டணம் கேட்க வேண்டிய வேலையை மௌனத்தை வைத்துத் தொடங்குவதில்லை. சிவப்பு லேபிள் இருக்கும் கார்டு "செய்துகொண்டிருப்பவை" பத்திக்குள் போகக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பதில் வருகிறது, பாதி மின்னஞ்சலில், பாதி வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப்பில் வந்ததையும் தேதியோடு அந்தந்த கார்டின் அடியில் ஒட்டுகிறார். கார்டின் மேல்பகுதியைத் திருத்துவதில்லை. முதலில் என்ன கேட்டார்கள், பிறகு என்ன மாறியது என்ற வரிசை அழியாமல் இருக்கும். மார்ச் 14 சரிதான். முகப்பில் படம் மட்டும், புதுக் கிளையில் எடுத்ததை அவர்களே தருவார்கள். சிவப்பு லேபிள் போகிறது. காப்பீட்டு அட்டைக்கு வந்த பதில்தான் முக்கியம்: மருத்துவமனையின் நோயாளி மென்பொருளிலேயே பாதுகாப்பாக ஏற்றும் பக்கம் இருக்கிறதாம், யாரும் அதுவரை பயன்படுத்தவில்லை. பட்டன் அந்தப் பக்கத்துக்கு அழைத்துப்போனால் போதும். படம் இவருடைய படிவத்தின் வழியாகவே போகாது. அரை மணி நேர வேலையாகச் சுருங்கி, அந்தக் கார்டு மாதத்தின் நான்கு மணி நேரத்துக்குள்ளேயே அடங்குகிறது.

டாக்டரின் படம் இன்னும் வரவில்லை. அந்தக் கார்டு காத்திருக்கிறது. ஸ்பானிஷ் கார்டில் மட்டும் ஒரு தேதி ஏறியிருக்கிறது: ஏப்ரல் 7, திங்கள். கிளைத் திறப்பு முடிந்து ஓய்ந்த பின், எந்தப் பக்கங்கள், யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டு எழுத வேண்டிய நாள்.